ஆயிரம் பேருக்கு 19 ரூபாயா, 233 ரூபாயா? குமரி மாவட்டக் கடை ஒன்றின் விளம்பரக் கணக்கு

தக்கலையில் ஒருவர் வீட்டு உபயோகப் பொருள் கடை புதிதாகத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திறப்பு விழாவை ஒட்டிய ஒரு மாதத்துக்கு விளம்பரம் செய்ய அவரிடம் சுமார் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. பேப்பர்காரர், ரேடியோக்காரர், ஹோர்டிங்காரர் என்று மூன்று பேர் விலைப் பட்டியலோடு வருகிறார்கள். ஆயிரம் பேரிடம் விளம்பரத்தைக் கொண்டுசேர்க்க 167 ரூபாய் ஆகும் என்கிறார் முதலாமவர். இரண்டாமவர் 100 ரூபாய் என்கிறார். மூன்றாமவர் வெறும் 19 ரூபாய் என்கிறார். அப்படியானால் பணம் முழுவதையும் ஹோர்டிங்கில் போட்டுவிடலாமே என்று தோன்றும்.

அந்த 19 ரூபாய் எப்படி வந்தது, அதைப் பேப்பரின் 167 ரூபாயோடு ஏன் அப்படியே ஒப்பிட முடியாது, மூன்றையும் கலக்கும்போது உண்மையில் எத்தனை பேரிடம் போய்ச் சேருகிறோம் என்பவற்றை இந்த ஒரு கடையை வைத்தே பார்ப்போம். கட்டணங்களும் ஆள் எண்ணிக்கைகளும் கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. எந்தப் பத்திரிகையின் அல்லது நிலையத்தின் உண்மை விலையும் அல்ல. அவற்றை எடுத்துவிட்டு உங்கள் கையில் உள்ள விலைப் பட்டியலின் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

## மூன்று சொற்கள்

1. ரீச்: விளம்பரத்தை ஒரு முறையாவது பார்த்த அல்லது கேட்ட தனித்தனி ஆட்களின் எண்ணிக்கை. ஒரே ஆள் பத்து முறை பார்த்தாலும் ரீச் கணக்கில் அவர் ஒருவர்தான்.

2. ஃப்ரீக்வன்சி: அப்படிப் பார்த்தவர்கள் சராசரியாக எத்தனை முறை பார்த்தார்கள் என்பது. ரீச்சை ஃப்ரீக்வன்சியால் பெருக்கினால் வருவதை இங்கே மொத்தத் தடவை என்று சொல்வோம்.

3. ஆயிரத்துக்கு விலை: செலவை மொத்தத் தடவையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வருவது.

மூன்றாவதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வகுப்பது மொத்தத் தடவையால், ஆட்களால் அல்ல. ஆயிரம் பேர் ஒரு முறை பார்த்தாலும், நூறு பேர் பத்து முறை பார்த்தாலும் இந்தக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே. புதுக் கடைக்காரருக்கு அவை ஒன்றல்ல. முதலாவதில் ஆயிரம் வீடுகளுக்குக் கடையின் பெயர் தெரிகிறது, இரண்டாவதில் நூறு வீடுகளுக்குத்தான் தெரிகிறது.

## முதலில் நம் ஆட்கள் யார்?

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம். ஆனால் தக்கலைக் கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்க ஆரல்வாய்மொழியிலிருந்து யாரும் நாகர்கோவிலைத் தாண்டி வரப்போவதில்லை. தக்கலை, மார்த்தாண்டம், திங்கள்சந்தை, கருங்கல், குலசேகரம், இவற்றைச் சுற்றியுள்ள ஊர்கள்தான் இந்தக் கடையின் எல்லை. அந்த எல்லைக்குள் வீட்டுக்குப் பெரிய பொருள் வாங்கும் முடிவில் பங்கெடுக்கக்கூடியவர்கள் 1,00,000 பேர் என்று கொள்வோம். இனிமேல் ரீச் என்றால் இந்த ஒரு லட்சத்தில் எத்தனை பேர் என்பதுதான். ஒரு லட்சம் என்று எடுத்ததில் ஒரு வசதியும் உண்டு. ஆயிரம் பேர் என்றால் ஒரு சதவீதம்.

இந்த வட்டத்தை வரையாமல் விலைப் பட்டியலைத் திறப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. விற்பவர் சொல்லும் எண் அவருடைய வட்டத்துக்கு உரியது. நம் வட்டத்தைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தடவைக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

## பேப்பர்: 167 ரூபாய் 1,333 ஆகும் இடம்

நாகர்கோவில் பதிப்பில் கால் பக்க விளம்பரம் ஒன்றுக்கு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகை விளம்பரத்துக்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கில்தான் விலை பேசுவார்கள். கால் பக்கம் என்பது சுமார் 400 சதுர சென்டிமீட்டர். பதிப்பின் விற்பனை 60,000 பிரதிகள், ஒரு பிரதியை நான்கு பேர் படிக்கிறார்கள், ஆக 2,40,000 வாசகர்கள் என்கிறார் பேப்பர்காரர். 40,000 ரூபாயை 2,40,000-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 167 ரூபாய். கணக்கில் பிழை இல்லை.

ஆனால் அந்த 60,000 பிரதிகளில் நம் எல்லைக்குள் விழுபவை 15,000 மட்டும். மற்றவை நாகர்கோவில், அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் போகின்றன, சில மாவட்டத்துக்கு வெளியேயும் போகலாம். ஒரு பிரதியைப் படிக்கும் நான்கு பேரில் நமக்கு வேண்டியவர் இருவர். ஆக நம் ஆட்கள் 30,000. இப்போது ஆயிரத்துக்கு விலை 1,333 ரூபாய். சொன்னதைப் போல எட்டு மடங்கு.

எல்லைக்குள் எத்தனை பிரதிகள் விழுகின்றன என்பதை அறிய ஒரு வழி உண்டு. தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் ஏஜென்ட்டுகளிடம் தினமும் எத்தனை பிரதிகள் எடுக்கிறார்கள் என்று விசாரித்து கூட்டிக்கொள்ளலாம். மொத்த விற்பனைக்கு ஏபிசி எனப்படும் தணிக்கைக் குழுவின் சான்று உண்டா, அது எந்தப் பதிப்புக்கு உரியது என்று பேப்பர்காரரிடமே கேட்கலாம். ‘எங்கள் பேப்பர் இத்தனை லட்சம் விற்கிறது’ என்பது பெரும்பாலும் எல்லாப் பதிப்புகளும் சேர்ந்த எண்ணாக இருக்கும்.

கடைக்காரர் வாரம் ஒன்றாக நான்கு விளம்பரங்கள் போடுகிறார். செலவு 1,60,000. மொத்தத் தடவை 30,000 பெருக்கல் 4, அதாவது 1,20,000. ரீச் மட்டும் 30,000-த்தில் நிற்காது. ஒவ்வொரு வாரமும் அதே 30,000 பேர் படிப்பதில்லை. ஞாயிறு மட்டும் வாங்குபவர் உண்டு, டீக்கடையில் எப்போதாவது புரட்டுபவர் உண்டு. அப்படிப் புதிதாக வந்து சேருபவர்களோடு நான்கு வாரத்தில் ரீச் 38,000 ஆகிறது என்போம். அப்படியானால் ஃப்ரீக்வன்சி 3.2.

இந்த 3.2 ஒரு சராசரி. அதற்குள் 24,000 பேர் நான்கையும் பார்த்திருப்பார்கள், 3,000 பேர் மூன்றையும், 4,000 பேர் இரண்டையும், 7,000 பேர் ஒன்றை மட்டும் பார்த்திருப்பார்கள். கூட்டிப் பார்த்தால் 38,000 பேரும் 1,20,000 தடவையும் சரியாக வரும். ‘சராசரியாக மூன்று முறை’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரே ஒரு முறை பார்த்த ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள்.

## ரேடியோ: தடவை மலிவு, ஆள் குறைவு

குமரிக்கும் வானொலிக்கும் பழைய உறவு. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலில்தான் தொடங்கப்பட்டது. ஆனால் வானொலி கேட்போரைத் தொடர்ந்து அளக்கும் ராம் அளவீடு மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா என்ற நான்கு பெருநகரங்களில்தான் நடந்தது. ஆகவே ‘எங்களை இத்தனை லட்சம் பேர் கேட்கிறார்கள்’ என்று இங்கே யாராவது சொன்னால், அது அலை எட்டும் பரப்பில் வாழும் மக்கள்தொகையா, உண்மையில் கேட்பவர்களா என்று கேட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். விளவங்கோடு பக்கம் எல்லையோர வீடுகளில் மலையாளமும் புழங்குகிறது, திருவனந்தபுரம் நிலையங்களும் காதில் விழும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரேடியோவில் 10 விநாடி கணக்கில் விலை பேசுவார்கள். நம் கடைக்காரர் 20 விநாடி விளம்பரத்தை நாளுக்கு 10 முறை வீதம் 20 நாள் ஒலிபரப்புகிறார். 200 ஒலிபரப்பு, ஒன்றுக்கு 300 ரூபாய், மொத்தம் 60,000. ஒவ்வொரு ஒலிபரப்பையும் நம் ஆட்களில் 3,000 பேர் கேட்டால் மொத்தத் தடவை 6,00,000. ஆயிரத்துக்கு விலை 100 ரூபாய்.

பேப்பரின் 1,333-க்குப் பக்கத்தில் இது அடிமாட்டு விலை. ஆனால் ரேடியோ கேட்பது பழக்கம். கடையிலும் ஆட்டோவிலும் தையல் மிஷின் பக்கத்திலும் ரேடியோ ஓடுபவர் நாள் முழுக்கக் கேட்பார், கேட்காதவர் மாதம் முழுக்கக் கேட்க மாட்டார். அதனால் அந்த ஆறு லட்சம் தடவையும் 25,000 பேருக்குள்ளேயே சுற்றுகிறது. ஃப்ரீக்வன்சி 24. எட்டாவது முறையிலேயே கடையின் பெயர் மனப்பாடமாகிவிட்ட ஒருவருக்கு மேலும் பதினாறு முறை சொல்லக் காசு கொடுக்கிறோம்.

இங்கே ஆயிரத்துக்கு விலையை விட்டுவிட்டு, ஓர் ஆளை எட்ட என்ன செலவு என்று வகுத்துப் பாருங்கள். பேப்பரில் 1,60,000 ரூபாய்க்கு 38,000 பேர், ஆளுக்கு 4.21 ரூபாய். ரேடியோவில் 60,000 ரூபாய்க்கு 25,000 பேர், ஆளுக்கு 2.40 ரூபாய். ரேடியோ இப்போதும் மலிவுதான். ஆனால் பதின்மூன்று மடங்காகத் தெரிந்த இடைவெளி இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது.

## ஹோர்டிங்: 19 ரூபாயின் தோலை உரித்தால்

மார்த்தாண்டத்தில் தேசிய நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கும் 40-க்கு 20 அடி ஹோர்டிங். மாத வாடகை 25,000, ஃப்ளெக்ஸ் அச்சுக்கும் கட்டும் கூலிக்கும் 10,000, ஆக 35,000. ‘தினமும் 60,000 பேர் கடக்கிறார்கள்’ என்கிறார் ஹோர்டிங்காரர். முப்பது நாளுக்கு 18,00,000 தடவை. ஆயிரத்துக்கு 19 ரூபாய்.

அந்த 60,000-ஐப் படிப்படியாக இறக்குவோம்.

1. சாலையில் இரு பக்கமும் வண்டி போகிறது, பலகை ஒரு பக்கம்தான் பார்க்கிறது. 30,000.

2. அதில் களியக்காவிளை தாண்டிப் போகிற லாரிகள், திருவனந்தபுரத்துப் பயணிகள், கன்னியாகுமரிக்குச் செல்லும் சுற்றுலா வேன்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அடக்கம். நம் ஆட்கள் மூன்றில் ஒருவர் என்றால் 10,000.

3. கடப்பவர் எல்லாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பஸ்ஸில் எதிர்ப்புற ஜன்னலில் இருப்பவர், மேம்பாலத்தில் போகிறவர், நெரிசலில் முன்வண்டியின் பிரேக் லைட்டையே பார்த்துக்கொண்டிருப்பவர் எல்லாரையும் கழித்துப் பாதி என்றால் 5,000.

மாதத்துக்கு 1,50,000 தடவை. ஆயிரத்துக்கு 233 ரூபாய். தினமும் கடக்கும் அந்த 5,000 பேரில் பெரும்பாலானோர் வேலைக்கும் கல்லூரிக்கும் அதே வழியில் போய்வருபவர்கள். எனவே மாத முடிவில் தனித்தனி ஆட்கள் 15,000, ஃப்ரீக்வன்சி 10, ஆளுக்கு 2.33 ரூபாய். 19 ரூபாய் என்று வந்த ஹோர்டிங் ஆள் கணக்கில் ரேடியோவுக்குச் சமமாக நிற்கிறது.

60,000 உண்மையா என்பதைச் சாலையோரம் நின்றே பார்த்துவிடலாம். காலை எட்டு மணிக்கு மேல், நண்பகல், பள்ளி விடும் நேரம், இரவு ஏழு மணி என்று நான்கு வேளைகளில் பதினைந்து நிமிடம் எண்ணுங்கள். பலகையைப் பார்த்து வரும் வண்டிகளை மட்டும் எண்ணி, பைக், கார், பஸ் என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணும்போதே பலகை எவ்வளவு தூரத்தில் கண்ணில் படுகிறது, நடுவில் மரக்கிளையோ கம்பியோ மறைக்கிறதா, இரவில் விளக்கு எரிகிறதா என்பதும் தெரிந்துவிடும். உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். உரிமம் இல்லாத பலகையை மாதத்தின் நடுவில் இறக்கிவிட்டால், கொடுத்த வாடகைக்குப் பாதி மாதத் தடவை போய்விடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. கிழிந்த ஃப்ளெக்ஸை யார் செலவில், எத்தனை நாளுக்குள் மாற்றுவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

இரண்டாவது ஹோர்டிங்கை எங்கே வைப்பது? அதே நெடுஞ்சாலையில் தக்கலைக்கு முன்னால் வைத்தால், காலையில் மார்த்தாண்டம் பலகையைப் பார்த்தவரே இதையும் பார்ப்பார். மாதத்தில் புதிதாகச் சேருபவர் 4,000 பேர் இருக்கலாம். அதையே திங்கள்சந்தை வழியில் கருங்கல், குளச்சல் ஆட்கள் கடக்கும் இடத்தில் வைத்தால், அந்தப் பலகையின் 15,000 பேரில் 12,000 பேர் புதியவர்கள். இரண்டு இடத்திலும் வாடகை ஒன்று, ஆயிரத்துக்கு விலையும் ஒன்று. ஆனால் புதிதாகச் சேரும் ரீச்சில் மூன்று மடங்கு வித்தியாசம். விலைப் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இது கண்ணில் படாது. கடைக்காரர் திங்கள்சந்தையைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டுக்கும் செலவு 70,000, ரீச் 27,000, மொத்தத் தடவை 3,00,000.

## மூன்றையும் கலந்தால்

பேப்பர் 38 சதவீதம், ரேடியோ 25, ஹோர்டிங் 27. கூட்டினால் 90. ‘நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் போய்ச் சேர்ந்துவிட்டோம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேப்பர் படிப்பவரே ரேடியோவும் கேட்கிறார், அவரே மார்த்தாண்டம் வழியாகவும் போகிறார். ஒரே ஆளை மூன்று முறை எண்ணக் கூடாது.

எளிய வழி, எதிலுமே அகப்படாதவர்களைக் கணக்கிடுவது. பேப்பரில் அகப்படாதவர் 62 சதவீதம், ரேடியோவில் 75, ஹோர்டிங்கில் 73. மூன்றையும் பெருக்குவோம்.

```
0.62 × 0.75 × 0.73 = 0.34
1 − 0.34 = 0.66
```

ரீச் 66 சதவீதம், அதாவது 66,000 பேர். செலவு 2,90,000. மொத்தத் தடவை 10,20,000. சராசரி ஃப்ரீக்வன்சி 15.5. ஆயிரத்துக்கு விலை 284 ரூபாய். ஆளுக்கு 4.39 ரூபாய். விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சு இதழ் விளம்பர இடத்துக்கு 5 சதவீதம், ரேடியோவுக்கும் ஹோர்டிங்குக்கும் 18 சதவீதம் என்பதால், உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறாத கடைக்கு ஒப்பீடே கொஞ்சம் மாறும்.

அந்த 15.5 எங்கிருந்து வருகிறது? பத்து லட்சத்தில் ஆறு லட்சம் தடவை ரேடியோவுடையது, அதுவும் 25,000 பேருக்குள். பேப்பரில் மட்டும் அகப்பட்டவர்கள் சுமார் 20,800 பேர். அவர்களுக்கு விளம்பரம் சராசரியாக மூன்று முறைதான் கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டு கூட்டத்தையும் ஒரே சராசரியில் போட்டுக் குழப்பினால் திட்டத்தின் கோணல் மறைந்துவிடும்.

## கோணலைச் சரிசெய்தால் ஆயிரத்துக்கு விலை ஏறும்

கடைக்காரர் ரேடியோவைப் பாதியாக்குகிறார். 100 ஒலிபரப்பு, 30,000 ரூபாய். தடவை 3,00,000 ஆகக் குறைகிறது. ரீச் 25,000-லிருந்து 21,000-க்குத்தான் இறங்குகிறது, ஏனென்றால் தினமும் கேட்பவர்கள் எப்படியும் கேட்டுவிடுவார்கள். மிச்சமான 30,000-த்தில் இன்னொரு பேப்பரில், திறப்புக்கு முந்தைய நாள், சிறிய விளம்பரம் ஒன்று. அதன் ரீச் 15,000.

```
0.62 × 0.79 × 0.73 × 0.85 = 0.30
1 − 0.30 = 0.70
```

செலவு அதே 2,90,000. ரீச் 70,000 ஆகிறது. மொத்தத் தடவை 7,35,000-ஆகக் குறைகிறது. ஆயிரத்துக்கு விலை 284-லிருந்து 395 ரூபாய்க்கு ஏறுகிறது. அதே பணத்தில் இன்னும் நான்காயிரம் பேருக்குக் கடையின் பெயர் தெரிகிறது, ஆனால் விலைப் பட்டியல் கண்ணோட்டத்தில் திட்டம் மோசமாகிவிட்டது போலத் தெரிகிறது. புதுக் கடைக்கு நான் இரண்டாவது திட்டத்தைத்தான் எடுப்பேன். பத்து வருடமாக எல்லாருக்கும் தெரிந்த கடை, மூன்று நாள் தள்ளுபடியை மட்டும் சொல்ல வேண்டும் என்றால் கணக்கு வேறு. அங்கே புது ஆள் தேடுவதைவிட, கடைசி நான்கு நாளில் ரேடியோவை நெருக்கிப் போடுவது பயன் தரும்.

## 66 சதவீதம் உண்மையா?

மேலே பெருக்கியதில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. ஒருவர் பேப்பர் படிப்பதற்கும் அவர் ரேடியோ கேட்பதற்கும் தொடர்பே இல்லை என்ற ஊகம். நடைமுறையில் தொடர்பு உண்டு. நாள் முழுக்கச் சாலையில் இருக்கும் ஆட்டோ டிரைவர் ரேடியோவும் கேட்பார், பலகையும் பார்ப்பார், ஸ்டாண்டில் பேப்பரும் புரட்டுவார். வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத ஒருவர் மூன்றிலும் அகப்படாமல் போகலாம். அப்படி ஒரே கூட்டம் மூன்றிலும் அகப்பட்டால் உண்மையான ரீச் 66-க்குக் கீழே இருக்கும். இரண்டு பேப்பர்களுக்கு இடையில் மட்டும் இது எதிர்த்திசையில் நடக்கும். பெரும்பாலான வீடுகள் ஒரு பேப்பர்தான் வாங்கும், எனவே இரண்டாவது பேப்பர் கணக்கு காட்டுவதைவிட அதிகப் புது ஆட்களைத் தரலாம்.

சரிபார்க்க, பணம் கட்டும் முன்பே 200 பேரிடம் கேட்டுப் பார்க்கலாம். திங்கள்சந்தை, கருங்கல், குலசேகரம், மார்த்தாண்டம் என்று நான்கு இடத்தில் ஐம்பது ஐம்பது பேராக, ஆண்களும் பெண்களுமாகக் கேட்க வேண்டும். ‘எந்த விளம்பரத்தைப் பார்த்தீர்கள்’ என்ற கேள்வி வேண்டாம். எதில் பார்த்தாலும் ‘பேப்பரில்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். கேட்க வேண்டியவை மூன்று: நேற்று எந்தப் பேப்பர் படித்தீர்கள்? நேற்று எந்த ரேடியோ, எத்தனை மணிக்குக் கேட்டீர்கள்? இந்த வாரம் எந்த எந்த வழியில் போனீர்கள்?

மூன்று பதில்களையும் ஆள்வாரியாக ஒரே வரிசையில் எழுதுவது முக்கியம். தனித்தனியாகக் கூட்டினால் மறுபடியும் 90 சதவீதம்தான் வரும். ஒரே வரிசையில் இருந்தால், மூன்றில் எதிலுமே அகப்படாத ஆட்களை நேராக எண்ணிவிடலாம். 200 பேரில் 84 பேர் அப்படி இருந்தால் உண்மையான ரீச் 58 சதவீதம். 200 பேர் மாதிரியில் ஏழு சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றாலும், கணக்குக் காட்டிய 66 அந்த எல்லைக்கும் சற்று வெளியே நிற்கிறது. ஆளுக்கான செலவும் 4.39-லிருந்து 5 ரூபாய் ஆகிறது. அந்த 84 பேரும் எந்த ஊர்க்காரர்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் குலசேகரத்துக்காரர்கள் என்றால், திங்கள்சந்தைப் பலகைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் குலசேகரம் சாலையில் ஓர் இடம் பார்த்து வர வேண்டும்.